பத்தியாக வந்த மருத்துவமனை பில்லை அட்டவணையாக்கினால் கூட்டல் 5,390 இடிக்கிறது

நிலா_வாசு

அப்பா சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார், நலமாக இருக்கிறார். பில்தான் தலைவலி. வரிவரியாக இல்லாமல் ஒரே பத்தியாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியே தருகிறேன்:

> அனுமதி 12ஆம் தேதி இரவு 9.40, விடுவிப்பு 16ஆம் தேதி காலை 11.15, தீவிர சிகிச்சைப் பிரிவு 2 நாள் 17,000, தனி அறை 3 நாள் 4,200 வீதம் 12,600, செவிலியர் கவனிப்பு 3,000, மருத்துவர் பார்வை 9 முறை 800 வீதம் 7,200, ஆய்வகம் 5,850 இதில் முழு ரத்த எண்ணிக்கை 3 முறை 350 வீதம், சிறுநீரகச் செயல்பாடு 2 முறை 720 வீதம், ரத்தக் கல்ச்சர் 2 முறை 1,450 வீதம், மார்பு எக்ஸ்ரே 2 முறை 1,300, ஆன்டிபயாடிக் ஊசி 1 கிராம் 14 குப்பி 185 வீதம் 2,590, சலைன் 500 மி.லி. 8 புட்டி 65 வீதம் 520, பாராசிட்டமால் மாத்திரை 15, 28 வீதம் 420, ஊசிக்குழல் கையுறை வகையறா 2,150, திரும்பிய மருந்து 555 கழிவு, மொத்தம் 52,075, மருந்து நுகர்பொருள் நீங்கலாக 10% தள்ளுபடி 4,565, முன்பணம் 25,000, செலுத்த வேண்டியது 22,510.

இதை விரிதாளில் ஏற்றினேன். எனக்கு மொத்தம் 57,465 வருகிறது, பில்லில் 52,075. வித்தியாசம் 5,390. மருத்துவமனை எனக்குக் குறைவாகப் போட்டிருக்க வாய்ப்பே இல்லை என்பதால் என் அட்டவணையில்தான் ஏதோ கோளாறு. எங்கே என்று யாராவது சொல்ல முடியுமா? சரியான அட்டவணை கிடைத்தால் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கட்டலாம் என்று இருக்கிறேன்.

சேகர்72

எளிமையான வேலைதான். அளவு, வீதம், தொகை என்று மூன்று பத்தி போடுங்கள். எங்கே வீதம் இல்லையோ அங்கே தொகையை அளவால் வகுத்துப் போட்டுவிடுங்கள். தீவிர சிகிச்சைக்கு 17,000 வகுத்தல் 2, ஆக 8,500. எக்ஸ்ரே 650. செவிலியருக்கு நாள் எண்ணிக்கையே இல்லை, ஆனால் அப்பா இருந்தது 5 நாள், ஆக நாளுக்கு 600. இப்படி எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, அளவையும் வீதத்தையும் பெருக்கிப் பாருங்கள். எல்லா வரியும் பொருந்தும். நான் எங்கள் குடியிருப்பின் பராமரிப்புக் கணக்கை இப்படித்தான் சரிபார்க்கிறேன்.

கல்லாப்பெட்டி

வாசு, முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். ஆய்வகத்துக்குள் வரும் மூன்று சோதனைகளைப் பெருக்கிக் கூட்டுங்கள். 1,050, 1,440, 2,900. மொத்தம் 5,390. உங்கள் வித்தியாசம் அதுவேதான். 5,850 என்ற தலைப்புத் தொகையையும் போட்டு, அதற்குள் அடங்கிய சோதனைகளையும் தனி வரிகளாகப் போட்டிருக்கிறீர்கள். பத்தியை அட்டவணையாக மாற்றும்போது பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். காற்புள்ளி எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி இருப்பதால் எது தலைப்பு, எது அதன் உள்வரி என்று கண்ணுக்குத் தெரியாது.

அடுத்து ஒன்றைக் கவனித்தீர்களா? உள்வரிகள் எங்கே முடிகின்றன என்று பத்தி சொல்லவில்லை. கல்ச்சருக்கு அடுத்து வரும் எக்ஸ்ரேவும் ஆய்வகத்துக்குள் அடங்குமா? அடங்காது என்பதைக் கணக்கை வைத்தே சொல்லலாம். 5,390 உடன் 1,300 சேர்த்தால் 6,690, தலைப்புத் தொகையைத் தாண்டிவிடுகிறது. ஆகவே எக்ஸ்ரே வெளியே நிற்கும் தனி வரி. இந்த மாதிரி எல்லைகளை ஊகத்தில் விட வேண்டாம், இரண்டு விதமாகவும் கூட்டிப் பார்த்தால் ஒன்று உடைந்துவிடும்.

சேகர் சார், உங்கள் வழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. தொகையை அளவால் வகுத்து வீதம் கண்டுபிடித்து, அதே வீதத்தை அதே அளவால் பெருக்கினால் அதே தொகைதான் வரும். பில்லில் 17,000 என்பதற்குப் பதிலாக 71,000 என்று தவறாக அச்சாகியிருந்தாலும் உங்கள் வரி பொருந்தும். அதைச் சரிபார்ப்பு என்று சொல்ல முடியாது. செவிலியர் வரியைப் பாருங்கள். 3,000 என்பது 5 நாள் 600 ஆகவும் இருக்கலாம், 4 நாள் 750 ஆகவும் இருக்கலாம். எது என்று பில் சொல்லவில்லை. நீங்கள் 600 என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்வியே அட்டவணையிலிருந்து காணாமல் போய்விடும்.

எனவே என் ஒரே விதி: பில்லில் அச்சான எண் மட்டும் ஒரு பத்தியில், நாம் கணக்கிட்ட எண் வேறு பத்தியில். பில்லில் இல்லாதது காலிக் கட்டமாகவே இருக்கட்டும். அந்தக் காலிக் கட்டங்கள்தான் பில் மேசையில் கேட்க வேண்டியவை.

நிலா_வாசு

அட, ஆமாம்! மூன்று சோதனைகளைத்தான் இரண்டு முறை கூட்டியிருக்கிறேன். நன்றி அண்ணா. நீங்கள் சொன்ன மாதிரி அட்டவணை எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி காட்ட முடியுமா?

கல்லாப்பெட்டி

இதோ. பல வருடம் ஒரு பில் மேசையின் அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தவன், கை தானாகப் போடுகிறது.

| வ.எண் | விவரம் | அளவு | அலகு | வீதம் | பில் தொகை | நம் கணக்கு | வித்தியாசம் |
|---|---|---|---|---|---|---|---|
| 1 | தீவிர சிகிச்சைப் பிரிவு | 2 | நாள் | | 17,000 | | |
| 2 | தனி அறை | 3 | நாள் | 4,200 | 12,600 | 12,600 | 0 |
| 3 | செவிலியர் கவனிப்பு | | | | 3,000 | | |
| 4 | மருத்துவர் பார்வை | 9 | முறை | 800 | 7,200 | 7,200 | 0 |
| 5 | ஆய்வகம் (தலைப்பு) | | | | 5,850 | 5,390 | 460 |
| 5அ | முழு ரத்த எண்ணிக்கை | 3 | முறை | 350 | | 1,050 | |
| 5ஆ | சிறுநீரகச் செயல்பாடு | 2 | முறை | 720 | | 1,440 | |
| 5இ | ரத்தக் கல்ச்சர் | 2 | முறை | 1,450 | | 2,900 | |
| 6 | மார்பு எக்ஸ்ரே | 2 | முறை | | 1,300 | | |
| 7 | ஆன்டிபயாடிக் ஊசி 1 கிராம் | 14 | குப்பி | 185 | 2,590 | 2,590 | 0 |
| 8 | சலைன் 500 மி.லி. | 8 | புட்டி | 65 | 520 | 520 | 0 |
| 9 | பாராசிட்டமால் | 15 | ? | 28 | 420 | 420 | 0 |
| 10 | ஊசிக்குழல், கையுறை வகையறா | | | | 2,150 | | |
| 11 | திரும்பிய மருந்து | | | | -555 | | |
| | மொத்தம் | | | | 52,075 | | |

A பத்தியில் வரிசை எண், H பத்தியில் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் வரியில் இந்தச் சூத்திரங்களைப் போட்டுக் கீழே இழுத்துவிடலாம்:

```
G2:  =IF(OR(C2="",E2=""),"",C2*E2)
H2:  =IF(OR(F2="",G2=""),"",F2-G2)
```

வரிசை எண் 5 உள்ள ஆய்வகத் தலைப்பு வரியின் G கட்டத்தில் மட்டும் 5அ, 5ஆ, 5இ மூன்றின் G எண்களையும் கூட்டும் சூத்திரம் வர வேண்டும். உள்வரிகளுக்குப் பில்லில் தொகை அச்சாகவில்லை, அதனால் F காலி. F பத்தியை அப்படியே கூட்டினாலே 52,075 வந்துவிடுகிறது, இரண்டு முறை எண்ணும் பேச்சே இல்லை. உள்வரிக்கும் தொகை அச்சடித்திருக்கும் பில் வந்தால் இது போதாது, எது கூட்டலில் சேரும் என்று குறிக்க இன்னொரு பத்தி தேவைப்படும்.

குறுக்குக்கேள்வி

ஒன்று கேட்கலாமா? பில்லின் மொத்தம் சரியாகக் கூட்டியிருக்கிறார்கள் என்பது இப்போது தெரிந்துவிட்டது. அப்புறம் எதற்கு இத்தனை பாடு? கணக்கு சரி, பணத்தைக் கட்டிவிட்டுப் போகலாமே.

கல்லாப்பெட்டி

கூட்டுவது கணினி, அது எப்போதும் சரியாகத்தான் கூட்டும். நான் பார்த்த பில் தவறுகளில் கூட்டல் தவறு அரிது. தவறு உள்ளே போகும் எண்ணில் இருக்கும்: நாள் எத்தனை, குப்பி எத்தனை, அலகு எது. ஒரு வரியில் பெருக்கல் சரி என்பதற்கு அந்த அளவு உண்மை என்று அர்த்தமில்லை.

ஒன்பதாவது வரியைப் பாருங்கள். 15 பெருக்கல் 28, 420. வித்தியாசம் பூஜ்ஜியம். ஆனால் 28 என்பது ஒரு மாத்திரையின் விலையா, 15 மாத்திரை உள்ள ஓர் அட்டையின் விலையா? அட்டையின் விலையாக இருந்தால் அந்த வரி 28 தான், 420 இல்லை. அதனால்தான் அலகுக் கட்டத்தில் கேள்விக்குறி போட்டேன். மருந்தகத்திலிருந்து வார்டுக்கு வந்த சீட்டைக் கேட்டு வாங்குங்கள், அதில் அட்டைக் கணக்கா மாத்திரைக் கணக்கா என்று இருக்கும். மருந்தகம் அட்டையாக விற்கும், வார்டு மாத்திரையாகக் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் எண் மட்டும் பயணம் செய்தால் இப்படித்தான் ஆகும்.

தாமரை_எம்

எனக்கும் இதே பிரச்சினைதான். காப்பீட்டு நிறுவனம் என் கோரிக்கையில் பெரிய தொகையைக் கழித்துவிட்டார்கள். மேல்முறையீட்டுக்கு யாரிடம் போக வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று சொல்லுங்கள். பில்லை நான்தான் முழுதாகச் சமர்ப்பித்தேன், ஒரு தாள்கூட விடவில்லை.

குறுக்குக்கேள்வி

தாமரை, இங்கே காப்பீடு பேசவில்லை. வாசு தானே கட்டுகிறார் என்று நினைக்கிறேன்.

தாமரை_எம்

அப்படியா, சரி. ஆனால் எனக்குக் கழித்ததும் "வகையறா" என்று மொத்தமாகப் போட்ட வரியைத்தான். கையுறை எத்தனை, கானுலா எத்தனை என்று பிரித்துத் தந்தால் மறுபடி பார்க்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். வாசுவின் பத்தாவது வரி அச்சு அசல் அதேதான், அதனால் சொன்னேன்.

கல்லாப்பெட்டி

அப்படியானால் நீங்கள் சொன்னது இங்கே பொருத்தம்தான். 2,150க்கு அளவும் இல்லை, வீதமும் இல்லை, எத்தனை பொருள் என்றுகூடத் தெரியாது. அந்த வரியை வாசுவும் சரிபார்க்க முடியாது, வேறு யாராலும் முடியாது. பிரித்துத் தரச் சொல்லிக் கேட்பது ஒன்றே வழி. தருவார்கள், ஏனென்றால் அவர்களுடைய கணினியில் அது ஒரே வரியாக இருக்காது. அச்சடிக்கும்போது சுருக்கியிருப்பார்கள்.

வார்டு_சிஸ்டர்

ஏழாவது வரிக்கும் பதினொன்றாவது வரிக்கும் நான் உதவ முடியும். வாசு, ஊசி எத்தனை மணிக்கு ஒரு முறை என்று தெரியுமா? மருந்து கொடுத்த பதிவுத்தாள் என்று ஒன்று நோயாளியின் கோப்பில் இருக்கும். ஒவ்வொரு டோஸுக்கும் நேரமும் செவிலியரின் கையெழுத்தும் அதில் இருக்கும். நகல் கேளுங்கள், சில இடங்களில் எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கும்.

நிலா_வாசு

வணக்கம் சிஸ்டர். கோப்பின் நகல் என்னிடம் இருக்கிறது, விடுவிக்கும்போதே வாங்கிவிட்டேன். 8 மணி நேரத்துக்கு ஒன்று. முதல் ஊசி 12ஆம் தேதி இரவு 11 மணி, கடைசி ஊசி 16ஆம் தேதி காலை 7 மணி.

வார்டு_சிஸ்டர்

அப்போது எண்ணிவிடலாம். 12ஆம் தேதி 1. அப்புறம் 13, 14, 15 மூன்று நாளும் காலை 7, மதியம் 3, இரவு 11 என்று தினம் 3, ஆக 9. 16ஆம் தேதி காலை 1. மொத்தம் 11 டோஸ். 14 குப்பி வாங்கியிருக்கிறார்கள், மீதி 3. மூன்று குப்பி 185 வீதம் 555. திரும்பிய மருந்து என்று கழித்தது சரியாக அதே தொகை. இந்த இரண்டு வரியும் சுத்தம்.

பதிவுத்தாளில் 11 கையெழுத்தும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஏதாவது ஒரு டோஸ் கொடுக்காமல் விட்டிருந்தால் அந்த இடத்தில் காரணம் எழுதியிருப்போம், அப்போது திரும்ப வேண்டியது 4 குப்பி.

நிலா_வாசு

எண்ணிவிட்டேன் சிஸ்டர், 11 இருக்கிறது.

சேகர்72

நல்லது. ஆனால் ரத்தக் கல்ச்சர் 2 முறை என்று போட்டிருக்கிறார்களே, அது கண்டிப்பாக இரட்டை வசூல். கோப்பில் இரண்டு மாதிரியும் ஒரே தேதி, ஒரே நேரம் என்றுதான் இருக்கும் பாருங்கள். ஒரே ரத்தத்துக்கு எதற்கு ஒரே சோதனை இரண்டு தடவை? அதையும் கேட்டு 1,450 வாங்கிவிடுங்கள்.

வார்டு_சிஸ்டர்

சார், அதில் மட்டும் அவசரப்பட வேண்டாம். ரத்தக் கல்ச்சரை வேறு வேறு இடத்தில் ஊசி குத்தி இரண்டு செட் எடுப்பது வழக்கம். தோலில் இருக்கும் கிருமி மாதிரியில் ஒட்டிக்கொண்டு வந்ததா, உண்மையிலேயே ரத்தத்தில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கத்தான். நேரம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டு மாதிரி எண் வேறு வேறாக இருந்தால் இரண்டு சோதனைதான். ஒரே மாதிரி எண்ணுக்கு இரண்டு வரி இருந்தால் நீங்கள் சொன்னது சரி.

நிலா_வாசு

கோப்பில் கல்ச்சருக்கு இரண்டு மாதிரி எண் இருக்கிறது, ஒன்று வலது கை, ஒன்று இடது கை என்று எழுதியிருக்கிறது. ரத்த எண்ணிக்கை அறிக்கை 3, சிறுநீரகம் 2. இவற்றைத் தவிர எலக்ட்ரோலைட் என்று ஓர் அறிக்கை இருக்கிறது. அதற்குப் பில்லில் வரியே இல்லை.

கல்லாப்பெட்டி

ஆய்வகத்தில் இடித்த 460 அதுவாக இருக்கலாம். தலைப்புத் தொகையில் சேர்ந்து, விவரத்தில் விடுபட்டிருக்கும். ஆனால் நீங்களாக அந்தக் கட்டத்தில் 460 என்று எழுதிவிட வேண்டாம். அறிக்கை இருக்கிறது என்பது சோதனை நடந்ததற்குச் சான்று, அதன் வீதம் 460 என்பதற்கு இல்லை. கட்டணப் பட்டியலில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

குறுக்குக்கேள்வி

எனக்கு உறுத்துவது நாள் கணக்கு. 12 இரவு போய் 16 காலை வந்தவர் நான்கு இரவுதானே தங்கினார்? 2 கூட்டல் 3, 5 நாள் எப்படி வரும்?

கல்லாப்பெட்டி

இந்தப் பில்லிலேயே பெரிய கேள்வி இதுதான். வாசு, தீவிர சிகிச்சையிலிருந்து அறைக்கு மாற்றிய நேரம் என்ன?

நிலா_வாசு

14ஆம் தேதி காலை 10 மணி என்று கோப்பில் இருக்கிறது.

கல்லாப்பெட்டி

நாள் எண்ணுவதற்கு ஊருக்கு ஒரு விதி. மூன்று விதமாகவும் எண்ணிப் பார்க்கலாம்.

நள்ளிரவில் யார் எந்தப் படுக்கையில் இருக்கிறார் என்று எண்ணும் இடங்கள் உண்டு. அப்படியானால் 12, 13 இரண்டு நள்ளிரவு தீவிர சிகிச்சையில், 14, 15 இரண்டு நள்ளிரவு அறையில். ஆக 2 கூட்டல் 2.

நாட்காட்டித் தேதியை எண்ணும் இடத்தில் 12 முதல் 16 வரை 5 தேதி. மாற்றிய நாளை அறைக் கணக்கில் வைத்தால் 2 கூட்டல் 3. பில்லில் இருப்பது இதுவாக இருக்கலாம்.

24 மணி நேரத்தை ஒரு நாளாக எண்ணும் இடத்தில்தான் வேடிக்கை. அனுமதியிலிருந்து விடுவிப்பு வரை 85 மணி 35 நிமிடம். மேல் நோக்கி முழுமையாக்கினால் 4 நாள். ஆனால் இரண்டு பிரிவையும் தனித்தனியாக எண்ணினால் தீவிர சிகிச்சை 36 மணி 20 நிமிடம், 2 நாளாகும். அறை 49 மணி 15 நிமிடம், 3 நாளாகும். இந்தக் கணக்கில் மூன்றாவது அறை நாள் என்பது 48 மணிக்கு மேல் போன ஒன்றே கால் மணி நேரம். ஒரே தங்கலை இரண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் முழுமையாக்கியதால் ஒரு நாள் முளைத்திருக்கிறது.

இதில் எது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மருத்துவமனை என்ன விதி வைத்திருக்கிறதோ அதுதான் அளவுகோல், அது கட்டணப் பட்டியலிலோ அனுமதிப் படிவத்திலோ எழுத்தில் இருக்க வேண்டும். அனுமதியின்போது கையெழுத்துப் போட்ட தாளைத் தேடுங்கள். விதியில் 4 நாள் வந்தால் செவிலியர் வரியும் கூடவே அசையும், ஏனென்றால் அது பெரும்பாலும் அறை நாளோடு கட்டியிருக்கும். வீதம் 600 ஆக இருந்தால் அறைக்கு 4,200, செவிலியருக்கு 600 குறையும். தள்ளுபடியிலும் 10% குறைந்துவிடும் என்பதால் கையில் மிச்சமாவது 4,320.

தாமரை_எம்

எனக்குக் காலை 9 மணிக்கே டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிவிட்டார். பில் கைக்கு வந்தது மாலை 4 மணிக்கு. ஒரு நாள் கூடுதலாகப் போட்டார்கள். யார் தாமதம் செய்தது, யார் பணம் கட்டுவது!

கல்லாப்பெட்டி

அந்தச் சண்டை எல்லா பில் மேசையிலும் உண்டு. டாக்டர் எழுதிய நேரமா, பில் முடிந்த நேரமா, படுக்கையை விட்ட நேரமா என்று விதியில் தெளிவாக இருந்தால் தப்பித்தீர்கள். வாசு, நீங்களும் 11.15 என்பது இதில் எந்த நேரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மணிக் கணக்கு விதியாக இருந்து, டாக்டர் எழுதிய நேரம்தான் கணக்கு என்றால், அவர் 10 மணிக்கு முன்பே எழுதியிருந்தால் போதும், அறை 48 மணிக்குள் வந்துவிடும்.

சேகர்72

சரி, வகுத்து வீதம் போடுவது பயனில்லை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். 8,500 என்று தெரிந்தால்தானே கட்டணப் பட்டியலில் உள்ள வீதத்தோடு ஒப்பிட முடியும்?

கல்லாப்பெட்டி

அதற்குப் பயன்படும் சார், மறுக்கவில்லை. வகுத்துக் கிடைத்ததை வேறொரு தாளோடு ஒப்பிட்டால் அது உண்மையான சரிபார்ப்பு. தன்னோடு தானே ஒப்பிட்டால்தான் வீண். வேண்டுமானால் I என்று ஒரு பத்தி சேர்த்து, வகுத்த வீதம் என்று தலைப்புப் போட்டு அங்கே எழுதட்டும். E பத்தியில் வேண்டாம்.

உங்கள் வகுத்தல் நிஜமாகவே உதவும் இடம் தள்ளுபடி. 4,565 என்பது 10% என்றால் அது எந்தத் தொகையின் மேல் போட்டது? 45,650. இப்போது மருந்து, நுகர்பொருள் தவிர்த்த வரிகளைக் கூட்டுங்கள், 1 முதல் 6 வரை. 46,950 வருகிறது. குறைவது 1,300. அட்டவணையில் 1,300 எங்கே இருக்கிறது?

குறுக்குக்கேள்வி

எக்ஸ்ரே!

சேகர்72

பார்த்தீர்களா, வகுத்ததால்தான் பிடிபட்டது.

கல்லாப்பெட்டி

ஆமாம் சார், உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். தள்ளுபடியில் எக்ஸ்ரே சேரவில்லை. 130 சிறிய தொகைதான். தள்ளுபடி போட்ட பிறகு எக்ஸ்ரே வரி தாமதமாக ஏறியிருக்கலாம், அல்லது எக்ஸ்ரே எடுப்பது வெளி ஒப்பந்தமாக இருந்து அதற்குத் தள்ளுபடியே இல்லாமல் இருக்கலாம். பில்லின் வாசகம் மருந்து, நுகர்பொருள் இரண்டை மட்டும்தான் விலக்குகிறது, ஆகவே கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது.

நிலா_வாசு

இன்னொரு சின்னச் சந்தேகம். என் விரிதாளில் F பத்தியைக் கூட்டினால் 39,475 என்றுதான் வருகிறது. எல்லாத் தொகையும் உங்கள் அட்டவணையில் உள்ளபடியே இருக்கிறது, மூன்று தடவை ஒப்பிட்டுவிட்டேன்.

கல்லாப்பெட்டி

52,075 கழித்தல் 39,475, 12,600. தனி அறை வரி. அந்தக் கட்டத்தில் எண்ணுக்கு முன்னாலோ பின்னாலோ ஓர் இடைவெளியோ வேறு குறியோ ஒட்டியிருக்கும், விரிதாள் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டிருக்கும். SUM எழுத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். இப்படிச் சோதியுங்கள்:

```
=COUNTA(F2:F15)-COUNT(F2:F15)
```

F பத்தியில் நிரம்பிய கட்டங்களில் எத்தனை எண்ணாக இல்லை என்று இது சொல்லும். மொத்த வரியை எல்லைக்குள் சேர்க்காதீர்கள். விடை பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு 12600 என்று கையால் அடியுங்கள்.

நிலா_வாசு

1 என்று வந்தது, அடித்ததும் 0. மொத்தமும் 52,075 ஆகிவிட்டது. அட்டவணையை அச்செடுத்துக்கொண்டு நாளைக்குப் போகிறேன்.

நிலா_வாசு

போய் வந்துவிட்டேன். காலிக் கட்டங்களையும் கேள்விக்குறியையும் மஞ்சள் அடித்துக் கொடுத்ததும் மேசையில் இருந்தவர் சலிக்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

பாராசிட்டமால் ஓர் அட்டைதான். 28 ஆகத் திருத்திவிட்டார்கள், 392 குறைந்தது. எலக்ட்ரோலைட் ஒரு முறை 460 என்று கட்டணப் பட்டியலிலேயே காட்டினார்கள், ஆய்வக வரி சரிதான். தீவிர சிகிச்சை 8,500, எக்ஸ்ரே 650, சேகர் சார் வகுத்தது அப்படியே இருந்தது. செவிலியர் நாளுக்கு 600.

மருத்துவர் பார்வைக்குக் கோப்பில் 8 குறிப்புதான் இருக்கிறது. ஒன்பதாவது, இரவுப் பணி டாக்டர் அனுமதியின்போது பார்த்தது என்கிறார்கள், அந்தப் பக்கம் என் நகலில் இல்லை. வகையறா வரிக்கு இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் கொடுத்தார்கள், இன்னும் ஏற்றவில்லை. எக்ஸ்ரே தள்ளுபடியை மேலாளரிடம் கேட்க வேண்டுமாம்.

அறை நாள் விஷயத்தில், ஒவ்வொரு பிரிவையும் 24 மணி நேரமாகத் தனித்தனியாக எண்ணுவது வழக்கம் என்று வாயால் சொன்னார்கள். எழுத்தில் கேட்டேன். அனுமதிப் படிவத்தில் ஒரு நாள் என்பது 24 மணி நேரம் என்று மட்டும் இருக்கிறது, பிரிவு மாறினால் என்ன என்று ஒரு வார்த்தையும் இல்லை.

வார்டு_சிஸ்டர்

அனுமதியின்போது இரவுப் பணி டாக்டர் எழுதுவது பெரும்பாலும் அவசரப் பிரிவுத் தாளில் இருக்கும், வார்டுக் கோப்பில் சேராது. அந்தத் தாளைத் தனியாகக் கேளுங்கள். அது இல்லை என்றால் 8 தான்.

குறுக்குக்கேள்வி

படிவத்தில் பிரிவு மாற்றம் பற்றி எதுவும் இல்லை என்றால் மொத்தத் தங்கல் 85 மணி 35 நிமிடம், 4 நாள் என்று வாதாடலாமே?

கல்லாப்பெட்டி

வாதாடலாம். ஆனால் அந்த 4 நாளில் தீவிர சிகிச்சை 2, அறை 2 என்று பிரிப்பதா, வேறு மாதிரியா என்று அவர்களும் கேட்பார்கள். 36 மணியை 2 நாளாக விட்டுக்கொடுத்து, அறையை 2 என்று கேட்பதுதான் நியாயமாகப் படுகிறது. டாக்டர் விடுவிப்பு எழுதிய நேரம் என்ன வாசு?

நிலா_வாசு

காலை 9.50 என்று இருக்கிறது.

கல்லாப்பெட்டி

அப்படியானால் பிரிவு வாரியாக எண்ணினாலும் அறை 47 மணி 50 நிமிடம். அவர்கள் சொன்ன வழக்கப்படியே 2 நாள்தான் வருகிறது. அந்தப் பக்கத்தின் நகலை இணைத்து மேலாளருக்கு எழுதிக் கொடுங்கள். எக்ஸ்ரேவையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

சேகர்72

படுக்கையை விட்ட நேரம்தான் கணக்கு, டாக்டர் எழுதிய நேரம் இல்லை என்று சொல்லிவிடுவார்கள் பாருங்கள்.

கல்லாப்பெட்டி

சொல்லலாம் சார். சொன்னால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். வாசு, அந்த இரண்டு பக்கப் பட்டியலைப் படமெடுத்துப் போடுங்கள், நோயாளி எண்ணையும் பெயரையும் மறைத்துவிட்டு. 2,150 எப்படி வந்தது என்று பார்ப்போம்.